வறுத்த காபியில் வெளிறிய கொட்டைகள்: குவேக்கர் என்றால் என்ன, சுவையை ஏன் கெடுக்கிறது?

வறுத்த காபியை ஆறவைத்துத் தட்டில் பரப்பினால் எல்லாம் பழுப்பாக இருக்க, இடையிடையே சில கொட்டைகள் மட்டும் வெளிறித் தெரியும். தோல் உரித்து வறுத்த வேர்க்கடலையின் நிறம் அவற்றுக்கு. முதல்முறை பார்ப்பவர்கள் இவை சரியாக வறுபடவில்லை என்று எண்ணி, அடுத்த தடவை இரண்டு நிமிடம் கூட்டி வறுப்பார்கள். மற்ற கொட்டைகள் கருகத் தொடங்கியிருக்கும், இவை மட்டும் அப்போதும் வெளிறியே கிடக்கும். கோளாறு அடுப்பில் இல்லை, கொட்டைக்குள் இருக்கிறது.

காபித் தொழிலில் இந்தக் கொட்டைக்குக் குவேக்கர் என்று பெயர். பெரும்பாலும் பழுக்காத காயிலிருந்து வந்த கொட்டை இது. வறுக்காமல் பச்சையாக இருக்கும்போது நல்ல கொட்டைகளோடு கலந்து ஒளிந்துகொள்ளும், வறுத்த பிறகே தன்னைக் காட்டிக்கொடுக்கும். அப்படி ஒளிந்துகொள்ள எப்படி முடிகிறது, கோப்பையில் என்ன செய்கிறது, எப்படிப் பொறுக்கி எடுப்பது என்பதைப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வறுத்த காபியில் வெளிறித் தெரிபவை இரண்டு வகை. ஒன்று, காகிதத் துணுக்குபோல் லேசாகப் பறக்கும் செதில். கொட்டையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய வெள்ளித்தோல் சூட்டில் உரிந்து உதிர்வதுதான் இது. ஊதினால் போய்விடும். கொட்டையின் நடுப்பிளவுக்குள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டும் இருக்கும். அது கோப்பையில் பெரிதாக ஒன்றும் செய்யாது. நிறையச் சேர்ந்தால் லேசான தூசி வாசனை வரலாம், அவ்வளவே. இன்னொன்று முழுக்கொட்டையே வெளிறியிருப்பது. ஊதினால் நகராது. காகிதச் சுவை என்று குடிப்பவர்கள் முகம் சுளிப்பது பெரும்பாலும் இதனால்தான். செதிலை ஊதித் தள்ளிவிட்டு, கொட்டையைத் தேடுங்கள்.

பழுப்பு நிறம் எங்கிருந்து வருகிறது

பச்சைக் காபிக்கொட்டையில் மணமும் இல்லை, பழுப்பும் இல்லை. அவற்றுக்கான மூலப்பொருட்கள் மட்டுமே இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது சுக்ரோஸ், அதாவது நாம் அன்றாடம் பயன்படுத்தும் அதே சர்க்கரை. நன்கு பழுத்த அராபிகா வகைக் கொட்டையில் எடையில் ஏறத்தாழ 6 முதல் 9 சதவீதம் இந்தச் சர்க்கரை இருக்கும். கூடவே புரதமும் அமினோ அமிலங்களும் உண்டு. சூடு ஏறும்போது சுக்ரோஸ் சிறு சர்க்கரைகளாக உடைகிறது. அவை அமினோ அமிலங்களோடு வினைபுரிகின்றன. ரொட்டியின் மேற்புறம் சிவப்பதும் இதே வினையால்தான், மயார் வினை என்பார்கள். காபியின் பழுப்பு நிறம், வறுத்த மணம், கேரமல் வாசனை, புளிப்பில் ஒரு பகுதி எல்லாம் இங்கிருந்தே பிறக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வறுத்து முடித்த கொட்டையில் சுக்ரோஸ் ஏறக்குறைய மிஞ்சுவதே இல்லை. நல்ல காபி இனிப்பாகத் தோன்றுவதற்குச் சர்க்கரை காரணமல்ல. சர்க்கரை எரிந்து உருவான மணங்களைத்தான் நாக்கும் மூக்கும் சேர்ந்து இனிப்பு என்று எடுத்துக்கொள்கின்றன. ஆகவே பச்சைக்கொட்டையில் சர்க்கரை குறைவாக இருந்தால் இனிப்பு மட்டும் குறைந்துபோவதில்லை. நிறம், மணம், புளிப்பு மூன்றும் சேர்ந்தே போய்விடும்.

அராபிகாவில் பூ பழமாக ஏறத்தாழ 7 முதல் 9 மாதம் ஆகும். முதலில் காய் அளவில் பெரிதாகிறது. பிறகு உள்ளே விதை கெட்டிப்படுகிறது. சர்க்கரை நிறைவது கடைசிக் கட்டத்தில், காய் பச்சையிலிருந்து மஞ்சளாகிச் சிவக்கும் வாரங்களில்தான். அதற்கு முன்பே பறித்துவிட்டால் கையில் கிடைப்பது உருவத்தில் முழுக்கொட்டை, உள்ளடக்கத்தில் அரைக்கொட்டை. அளவும் ஏறத்தாழச் சரியாக இருக்கும், வடிவமும் இருக்கும். தீயில் போட்டால் பழுப்பு நிறம் ஏறத் தேவையான பொருள் மட்டும் இருக்காது. எத்தனை நிமிடம் கூட்டினாலும் இல்லாத சர்க்கரை எங்கிருந்து வரும்?

சர்க்கரை குறைவாக இருப்பது பாதிக் கதை. காய்க்குள் துவர்ப்புத் தரும் பொருட்கள் அதிகம். அவை குவேக்கரிலும் தங்கிவிடுகின்றன. எனவே அது வெறும் சுவையற்ற கொட்டையாக இருந்து நமக்கு நல்லது செய்வதில்லை. இனிப்பைத் தராததோடு துவர்ப்பையும் கொண்டுவந்து சேர்க்கிறது. குடித்து முடித்தபின் நாக்கின் மேல்புறம் உலர்ந்து, ஈரக் காகிதத்தையோ அட்டையையோ மென்றதுபோல் ஓர் உணர்வு தங்கும். வேர்க்கடலைத் தோல், பழைய தானிய மாவு, வைக்கோல் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்வார்கள். எல்லாரும் சுட்டுவது இந்த வறட்சியைத்தான்.

பழுக்காத காய்தான் முதன்மைக் காரணம் என்றாலும் ஒரே காரணம் அல்ல. மரத்தில் இலை குறைந்து காய் மிகுந்துபோனால், நீர் வறட்சி வந்தால், சத்துக் குறைந்தால், வெளியே சிவந்த பழத்துக்குள்ளும் விதை நிரம்பாமல் போகும். ஓராண்டு அளவுக்கு மீறிக் காய்த்த மரத்தில் இதைப் பார்க்கலாம். அதனால் 'சிவந்ததை மட்டுமே பறித்தோம், குவேக்கரே இருக்காது' என்று யாராவது சொன்னால், குறைவாக இருக்கும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் தப்பித்து வந்துவிடுகிறது

காபி மரம் ஒரே நாளில் பூத்து ஒரே நாளில் பழுப்பதில்லை. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு சுற்றுப் பூ பூக்கும். அதனால் ஒரே கிளையில் பச்சைக் காய், மஞ்சள் காய், சிவந்த பழம், வற்றிய பழம் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கிளையை உருவி எல்லாவற்றையும் பறித்தால் காயும் வரும். பழுத்ததை மட்டும் தேர்ந்து பறிக்க ஒரே மரத்துக்குப் பல முறை போக வேண்டும், கூலியும் அதற்கேற்பக் கூடும். எனவே கொஞ்சம் காய் வந்துசேர்வது கிட்டத்தட்டத் தவிர்க்க முடியாதது. வந்த காயைப் பிறகு எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

தொடக்கநிலையில் படிப்பவர்களிடம் பரவலாக இருக்கும் தவறான எண்ணம் ஒன்று உண்டு. பழத்தைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் கெட்டதெல்லாம் மிதக்கும், நல்லதெல்லாம் மூழ்கும் என்பது அது. பூச்சி அரித்தது, உள்ளே கொட்டை இல்லாதது, மரத்திலேயே வற்றியது இவை மிதக்கும், உண்மைதான். ஆனால் பச்சைக் காய் கெட்டியானது. அதில் பெரும்பகுதி பழுத்த பழத்தோடு சேர்ந்து மூழ்கிவிடும். மிதப்பதை அள்ளி எறிந்த பிறகும் தொட்டியின் அடியில் காய் இருக்கும்.

கழுவிப் பதப்படுத்தும் முறையில் இதற்கு அடுத்த படியிலேயே வழி இருக்கிறது. பழுத்த பழம் மெத்தென்று இருக்கும். இரண்டு விரலால் அழுத்தினால் தோல் பிளந்து, வழவழப்பான சதையோடு கொட்டை வழுக்கி வெளியே வரும். பச்சைக் காயில் அந்த வழவழப்புப் படலம் உருவாகியிருக்காது. எவ்வளவு அழுத்தினாலும் கொட்டை வராது. தோலுரிக்கும் இயந்திரங்களில் சில இந்த வேறுபாட்டையே பயன்படுத்துகின்றன. சல்லடைக் கூண்டுக்குள் பழத்தைத் தள்ளி அழுத்துவார்கள். பழுத்தவை பிதுங்கிச் சல்லடைத் துளை வழியாக வெளியேறும், கடினமான காய் மட்டும் முழுசாகக் கூண்டின் மறுமுனைக்குப் போய்த் தனியாக விழும். அழுத்தம் சரியாக வைக்கப்பட்டிருக்க வேண்டும். அழுத்தம் கூடினால் காயும் நசுங்கிப் பழத்தோடு கலந்துவிடும். இதன்பிறகு நொதிக்கவைத்துக் கழுவும் வாய்க்காலிலும் ஒரு முறை எடை பார்த்துப் பிரிப்பு நடக்கிறது. லேசான கொட்டை தண்ணீரோடு முன்னால் ஓடும், கனமானது பின்தங்கும்.

இயற்கை முறையில், அதாவது பழத்தைத் தோலோடு அப்படியே வெயிலில் காயவைக்கும் முறையில், இந்தப் படிகள் எதுவும் இல்லை. தோலுரிப்பு கடைசியில்தான் நடக்கிறது. காய் கலந்திருந்தால் அதைப் பிடிக்க இருப்பது முதல் ஓரிரு நாட்கள். காயவைக்கும் மேடையில் பரப்பிய பழம் சிவப்பாக இருக்கும்போது பச்சையும் மஞ்சளும் கண்ணில் படும், கையால் பொறுக்கலாம். சில நாட்கள் வெயில் பட்டதும் காயும் பழமும் ஒன்றுபோல் கருத்துச் சுருங்கிவிடும். அதன் பிறகு எது எதுவென்று எவராலும் சொல்ல முடியாது. இயற்கை முறைக் காபியில் குவேக்கர் அதிகம் வருவதற்குக் காரணம் இதுதான். நல்ல பழ மணம் வீசும் ஒரு காபியில் நடுவே ஒரு காகிதச் சுவை தட்டினால், முதல் சந்தேகம் இதன்மேல் விழுவது நியாயம்.

இன்னும் ஒன்று. பழுத்தால் சிவப்பாகாமல் மஞ்சளாகும் அராபிகா வகைகளும் இருக்கின்றன. அவற்றில் முழுப்பழுத்ததும் அரைப்பழுத்ததும் நிறத்தில் நெருங்கியிருக்கும். நிறத்தை வைத்துப் பொறுக்குவது அங்கே கடினம், அழுத்திப் பார்ப்பதுதான் நம்பகம்.

பச்சையிலேயே கண்டுபிடிக்க முடியாதா

ஓரளவு முடியும். கழுவிப் பதப்படுத்திய பச்சைக்கொட்டையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். காயிலிருந்து வந்தது சற்றுச் சிறியதாக, மஞ்சள் கலந்த வெளிர்பச்சையாக இருக்கும். வெள்ளித்தோல் அதன்மேல் இறுக்கமாக ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினாலும் எளிதில் வராது. ஓரங்கள் கூர்மையாக, உட்புறம் படகுபோல் குழிந்து இருக்கும். இந்த அடையாளங்கள் எல்லாம் சேர்ந்து தெரிந்தால் தயங்காமல் எடுத்துவிடலாம்.

சிக்கல் என்னவென்றால், அரைப்பழுத்த காயிலிருந்து வந்த கொட்டையில் இவை தெளிவாகத் தெரியாது. இயற்கை முறைக் கொட்டையில் எல்லாவற்றின் மேலும் வெள்ளித்தோல் ஒட்டியே இருப்பதால் அந்த அடையாளமும் பயனில்லாமல் போகிறது. நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரமும் பச்சைக்கொட்டையில் இதே சுவரில்தான் முட்டுகிறது. அதே இயந்திரத்தில் வறுத்த கொட்டையைப் போட்டால் நன்றாகப் பிடித்துவிடும். அந்த நேரத்தில் நிற வேறுபாடு அவ்வளவு பெரிது.

சிறப்பு வகைக் காபிக்கான சங்கமான எஸ்சிஏ நீண்ட காலம் கடைப்பிடித்த அராபிகாத் தரவிதியைப் பார்த்தால் இந்த நிலைமை புரியும். பச்சைக்கொட்டையில் 350 கிராம் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். காய்க்கொட்டை 5 இருந்தால்தான் அது ஒரு முழுக்குறை. சிறப்பு வகைக்கு முழுக்குறை 5 வரை பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் வறுத்த பிறகு 100 கிராம் எடுத்துப் பார்க்கும்போது குவேக்கர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பச்சையில் கண்ணுக்குச் சலுகை, வறுத்தபின் சலுகையே இல்லை. கடையில் விற்கும் எல்லாக் காபியும் இந்த அளவை எட்டுவதில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு கணக்கு: 23 கொட்டைகள் என்ன செய்யும்

250 கிராம் இயற்கை முறைப் பச்சைக்கொட்டையை நடுத்தர நிறத்துக்கு வறுத்ததாக வைத்துக்கொள்வோம். ஈரமும் பிறவும் போக எடையில் 14 சதவீதம் குறைந்து 215 கிராம் கிடைக்கிறது. நடுத்தர அளவுள்ள அராபிகாவில் வறுத்த கொட்டை ஒன்று சுமார் 0.13 கிராம். அப்படியானால் தட்டில் இருப்பவை ஏறத்தாழ 1,650 கொட்டைகள். பொறுக்கிப் பார்த்ததில் 23 குவேக்கர். எண்ணிக்கையில் 1.4 சதவீதம்.

நூற்றில் ஒன்றரைகூட இல்லையே, எதற்கு இந்தப் பாடு என்று தோன்றும். ஆனால் யாரும் 215 கிராமை ஒரே கோப்பையில் குடிப்பதில்லை. ஒரு கோப்பைக்கு 15 கிராம் என்றால் அதில் 115 கொட்டைகள். சராசரியாக ஒவ்வொரு கோப்பையிலும் 1.6 குவேக்கர் விழும். அது சராசரிதான். உண்மையில் கோப்பைக்குக் கோப்பை மாறும். தற்செயலாகக் கலந்திருக்கும்போது ஐந்து கோப்பையில் ஒன்று குவேக்கரே இல்லாமல் வரும், இன்னொன்றில் மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்துவிடும். மீதி மூன்றில் ஒன்றோ இரண்டோ இருக்கும்.

அதே காபி, அதே தண்ணீர், அதே அரைப்பு, திங்கட்கிழமை அருமை, செவ்வாய்க்கிழமை அட்டைச் சுவை என்று வரும் குழப்பத்துக்கு விடை பல நேரம் இந்தக் கணக்கில் இருக்கிறது. தண்ணீரின் சூட்டையும் அரைப்பின் அளவையும் மாற்றிப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன், கொட்டையை ஒரு முறை தட்டில் கொட்டிப் பாருங்கள். தொழில்முறைச் சுவைப்பாளர்கள் ஒரே காபியை ஐந்து கோப்பையாக வைக்கும்போது ஒவ்வொரு கோப்பைக்குமான கொட்டையைத் தனித்தனியே எடைபோட்டுத் தனித்தனியே அரைப்பதும் இதனால்தான். மொத்தமாக அரைத்துப் பங்கிட்டால் ஒரு குவேக்கர் ஐந்து கோப்பையிலும் கரைந்து, எங்கேயும் பிடிபடாமல் எல்லாவற்றையும் கொஞ்சம் மந்தமாக்கிவிடும். தனித்தனியே அரைத்தால் கெட்ட கோப்பை தனியாகக் கையும் களவுமாகச் சிக்கும்.

பொறுக்கும் முறை

நடுத்தர வறுப்பில்தான் குவேக்கர் மிகத் தெளிவாகத் தெரியும். மிக இளம் வறுப்பில் எல்லாமே வெளிர்பழுப்பாக இருப்பதால் வேறுபாடு குறைவு. மிகக் கருத்த வறுப்பில் குவேக்கரும் ஓரளவு கருத்து, எண்ணெய்ப் பளபளப்புக்கிடையே மறைந்துகொள்ளும், அப்போது நல்ல கொட்டையே கசப்பாக இருப்பதால் அதன் துவர்ப்பும் தனியே தெரியாது. புதிதாக வாங்கிய ஒரு பச்சைக்கொட்டையைச் சோதிக்க வேண்டுமானால் கொட்டைகள் சூட்டில் முதன்முதலாகப் படபடவென்று வெடிக்கும் முதல் வெடிப்பு முடிந்து சிறிது நேரத்தில் நிறுத்திய வறுப்பில் சோதியுங்கள்.

கொட்டை முழுதாக ஆறட்டும். வெள்ளித்தோலை ஊதித் தள்ளுங்கள், இல்லாவிட்டால் அது கண்ணை ஏமாற்றும். அகலமான தட்டில் ஒரே அடுக்காக, கொட்டைமேல் கொட்டை ஏறாமல் பரப்புங்கள். 215 கிராமை மூன்று பங்காகப் பிரித்தால் ஒரு தட்டுக்குச் சரியாக இருக்கும். பகல் வெளிச்சத்தில், நிழல் விழாத ஜன்னலோரம் உட்காருங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் வெளிர்பழுப்பும் பழுப்பும் ஒன்றாகிவிடும். தட்டை ஒரு முறை பார்த்து எடுத்தபின், குலுக்கிக் கொட்டைகளைப் புரட்டி இன்னொரு முறை பாருங்கள். இரண்டாம் பார்வையில் எப்போதும் இரண்டு மூன்று கிடைக்கும்.

எதை எடுப்பது? பக்கத்துக் கொட்டைகளைவிடத் தெளிவாக வெளிறியதை மட்டும். கொஞ்சம் வெளிறியது போலிருக்கிறதே என்று ஒவ்வொன்றையும் எடுக்கத் தொடங்கினால் நல்ல கொட்டையில் பாதியை இழப்பீர்கள். இயற்கை முறைக் கொட்டை இயல்பாகவே திட்டுத்திட்டாகத்தான் வறுபடும், அதை விட்டுவிடலாம்.

சந்தேகம் இருந்தால் ஒன்றை உடைத்துப் பாருங்கள். குவேக்கர் உள்ளேயும் வெளியேயும் வெளிறியிருக்கும். விரலில் எளிதாக நொறுங்கும், முகர்ந்தால் வேர்க்கடலை வாசனை வரும். மென்றால் வாய் உலரும், புளிப்பும் இருக்காது, கருகலும் இருக்காது. சரியாக வறுபடாத கொட்டை இதற்கு நேர்மாறு: வெளியே ஓரளவு பழுப்பாகி உள்ளே வெளிறியிருக்கும், கடினமாக இருக்கும், மென்றால் புல் வாசனையும் கூர்மையான புளிப்பும் தெரியும். எண்ணிக்கையும் உதவும். நூற்றில் ஒன்றிரண்டு மட்டும் வெளிறி மற்றதெல்லாம் ஒரே நிறம் என்றால் அவை குவேக்கர். இளம்பழுப்பு, நடுப்பழுப்பு, கரும்பழுப்பு என்று எல்லா நிறமும் படிப்படியாகக் கலந்திருந்தால் அது வறுப்பில் வந்த கோளாறு, கொட்டையைச் சரியாகக் கிளறாததாலோ அளவுக்கு மீறி நிரப்பியதாலோ வந்திருக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வறுப்பு முறையை மாற்றுபவர்கள்தான் அதிகம்.

நாக்குக்குப் பழக்குவது

குவேக்கரின் சுவையை ஒரு முறை தனியாகச் சுவைத்துவிட்டால் பிறகு எந்தக் கோப்பையிலும் அடையாளம் தெரியும். அதற்கு 12 கிராம் குவேக்கர் வேண்டும், ஏறத்தாழ 90க்கு மேல் கொட்டை. ஒரே வறுப்பில் அவ்வளவு சேராது. பாதி அளவில் செய்தால் போதும்: 6 கிராம் கொட்டைக்கு 100 மில்லி தண்ணீர். மேலே சொன்ன கணக்கில் 23 கொட்டைக்கு 3 கிராம்கூடத் தேறாது, எனவே மூன்று முறை வறுத்ததைச் சேர்த்து வையுங்கள். குவேக்கர் பழசானாலும் இந்தச் சோதனைக்குக் கேடில்லை.

மூன்று கோப்பை எடுங்கள். முதல் கோப்பையில் பொறுக்கிச் சுத்தமாக்கிய கொட்டை 6 கிராம். இரண்டாவதில் அதே கொட்டை 6 கிராமிலிருந்து 3 கொட்டையை எடுத்துவிட்டு 3 குவேக்கரைப் போடுங்கள். மூன்றாவதில் 6 கிராமும் குவேக்கர். இதே வரிசையில் அரையுங்கள், சுத்தமானது முதலில். முன்னால் குவேக்கரை அரைத்தால் இயந்திரத்தில் தங்கும் தூள் அடுத்த கோப்பையில் கலந்துவிடும். கொதித்து இறக்கி ஒரு நிமிடம் விட்ட தண்ணீரை ஊற்றி 4 நிமிடம் வையுங்கள், மேலே மிதக்கும் தூளைக் கலக்கி நுரையை எடுத்துவிடுங்கள்.

சூடாக இருக்கும்போது அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். வெதுவெதுப்பாக ஆறிய பின் குவேக்கரின் வறட்சி இன்னும் தெளிவாகத் தெரியும். மூன்றாவது கோப்பை தானியக் கஞ்சித் தண்ணீர்போல, வறட்சியாக, எந்தப் புளிப்பும் இல்லாமல் இருக்கும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டாவதுக்குப் போங்கள். 46 கொட்டையில் 3, அதாவது 6 சதவீதத்துக்குச் சற்று மேல். காபியின் வாசனை அப்படியே இருக்கும். விழுங்கிய பின் வரும் இனிப்பு மட்டும் பாதியில் அறுந்து, அந்த இடத்தில் காகிதம் வந்து உட்காரும். அதன் பிறகு முதல் கோப்பையைக் குடித்தால் வேறுபாடு விளக்கம் தேவைப்படாமலே புரியும். யாரையாவது வரிசையை மாற்றி வைக்கச் சொல்லி, எது எதுவென்று தெரியாமல் குடிப்பது இன்னும் நம்பகமானது.

பாலும் சர்க்கரையும் சேர்த்தால் இது எவ்வளவு மறையும்? காகித வாசனை பெருமளவு மறைந்துவிடும். நாக்கில் தங்கும் வறட்சி முழுதாகப் போகாது. பாலோடு குடிப்பவர்கள் கடைசிவரை பொறுக்காமலே இருந்துவிடலாம், குறை சொல்ல முடியாது. வடித்துக் கருப்பாகக் குடிப்பவர்களுக்குத்தான் ஒவ்வொன்றும் முக்கியம். 18 கிராம் கொட்டையில் சிறிய கோப்பை எஸ்பிரெஸோ எடுப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாக, ஏனென்றால் அங்கே எல்லாச் சுவையும் சில மிடறுக்குள் அடங்கியிருக்கும்.

எத்தனை வரை பொறுத்துக்கொள்ளலாம்

எங்கள் கணக்கில், கழுவிப் பதப்படுத்திய காபியில் வறுத்த 100 கிராமுக்கு ஒன்றிரண்டு வந்தால் பொறுக்கி எறிந்துவிட்டு மறந்துவிடலாம். இயற்கை முறையில் நான்கு வரை வழக்கம்தான். பத்தைத் தாண்டினால் அந்தத் தொகுதி பறிப்பிலோ பிரிப்பிலோ தவறியிருக்கிறது என்று பொருள். மேலே சொன்ன 23 கொட்டைக் காபி 100 கிராமுக்கு ஏறத்தாழ 11 என்ற கணக்கில் வருவதால் இந்த எல்லையைத் தாண்டுகிறது. பொறுக்கிக் குடிக்கலாம், அடுத்த முறை அதே தொகுதியை வாங்க வேண்டாம்.

பொறுக்குவதற்கு முன் எடைபோட்டு எண்ணி வைத்தால் விற்றவரிடம் பேசுவது எளிது. 'சுவை சரியில்லை' என்றால் வறுத்த விதத்தைக் கேட்பார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். '250 கிராம் வறுத்தேன், 23 வெளிறியது, மற்றதெல்லாம் ஒரே நிறம், படம் இருக்கிறது' என்றால் அவருக்கும் விஷயம் புரியும், தோட்டத்துக்குச் சொல்லவும் முடியும். படத்தில் பொறுக்கியதை மட்டும் காட்டாமல், பக்கத்தில் நல்ல கொட்டை பத்தையும் வைத்து எடுங்கள். ஒப்பிடும் நிறம் அருகில் இல்லாவிட்டால் குவேக்கரின் படம் இளம் வறுப்புக் காபியின் படமாகத்தான் தெரியும்.